இரண்டு மைக்ரான்

ஒரே துளையை இரண்டு பேர் சோதிக்கிறார்கள். ஒருவர் சரி என்கிறார், மற்றவர் தப்பு என்கிறார். இருவர் கையிலும் இருப்பது பழுதில்லாத கருவி. அப்படியிருக்க, நடுவில் நிற்கிற ஒருவன் மட்டும் பொய்யனாவது எப்படி? கேஜ் ரூம் அக்காவின் பல வருஷங்கள் இந்தக் கேள்வியோடு போயின.

அவரை உயர்த்திச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலையின் ஓரத்தில், எப்போதும் குளிர்ந்திருக்கும் சின்ன அறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தார். காலையில் ஜன்னல் வழியாக, அளவு சோதிக்கும் கேஜ்களைக் கொடுப்பார். மாலையில் திரும்ப வாங்கித் துடைத்து, எண்ணெய் பூசி, மரப்பெட்டியில் அதனதன் குழியில் வைப்பார். கேஜ் உருளையை யாராவது உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் போதும். "பிடியப் பிடிங்க. கைச்சூட்டுல அது பருத்துடும்" என்று அதட்டுவார். வேலையில் கறார், பேச்சிலும் கறார். அவ்வளவுதான்.

துளை பார்க்கிற பிளக் கேஜ் ஒரு பிடிதான். இரண்டு முனையிலும் எஃகு உருளை இருக்கும். நீளமான முனை 'கோ': துளைக்குள் முழுக்க நுழைய வேண்டும். சிவப்பு வளையம் போட்ட குட்டை முனை 'நோ-கோ': நுழையவே கூடாது. அங்கே தயாரான உலோகத் துண்டின் துளை இருபது மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இருபத்தொரு மைக்ரானுக்கு மேல் கூடவும் கூடாது. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு மைக்ரான். நாள் முழுக்க துளைகளில் உரசி உரசி கோ முனை தேயும். அதனால் அதைச் சரியாக இருபதில் செய்வதில்லை. தேய்மானத்துக்கென்று இரண்டு மூன்று மைக்ரான் கூடுதலாக வைத்துத்தான் செய்வார்கள். தேய்ந்து இருபதைத் தொட்டதும் தூக்கி எறிவார்கள். நோ-கோ முனை எங்கும் நுழைவதில்லை. அதற்கு அந்தச் சலுகையும் இல்லை.

இதிலிருந்து பிறந்த விதி ஒன்று அறைச் சுவரில் தொங்கியது: புதுக் கேஜ் மெஷினுக்கு, தேய்ந்த கேஜ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு. புதியதில் தேறிய துளை, பழையதில் தவறாது. மாற்றிக் கொடுத்தால் சண்டைதான்.

துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் மெஷினில் நின்றவன் அக்காவின் கொழுந்தன். ஒரே வீட்டில், மாடியறையில் இருந்தான். வாய் ஓயாததால் எல்லாருக்கும் அவன் 'ரேடியோ'. ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். இரண்டாவது, துளையைச் சோதிக்காமலேயே தாளில் டிக் போட்டதற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

ஒரு திங்கள்கிழமை காலை ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணி, அந்தப் புதுக் கேஜக் குடுக்காதீங்க. உயிர வாங்குது. ஷிப்டுக்கு ரெண்டு தடவ ரீமர் மாத்த வேண்டியிருக்கு."

"ரீமர் தேஞ்சா துளை சின்னதாகும், கேஜ் போகாது. மாத்தத்தான் வேணும்."

"நல்ல துளையையும் வேணாங்குதே! பழசும் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு? நீங்கதான சொன்னீங்க?"

"ஒரு மைக்ரான் மிச்சம் இருக்கு."

"அந்த ஒரு மைக்ரான்ல நான் பொழச்சுக்கிறேன். உங்களுக்கு ஏசி, எனக்கு அடுப்பு. கொஞ்சம் இரக்கம் காட்டுங்க."

அக்கா சிரித்துவிட்டார். பழையதை அவனிடம் நீட்டினார். அந்த அளவில் இருந்தது இரண்டே கேஜ். ஆகவே, மூன்று மைக்ரான் கூடுதலாக இருந்த புதியது இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போயிற்று. யாரையும் ஏமாற்றுவதாக அவர் நினைக்கவில்லை. இரண்டுமே செல்லுபடியாகும் கேஜ்கள்தானே.

அன்று மதியத்துக்கு மேல் ரீமர் தேய்ந்தது, துளைகள் மெல்லக் குறுகின. ரேடியோ ஐந்துக்கு ஒன்று எடுத்து நேர்மையாகவே சோதித்தான். பழைய கோ முனை ஒவ்வொன்றிலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

செவ்வாய் காலை இன்ஸ்பெக்டர் புதுக் கேஜை எடுத்தார். மதியத்துக்குப் பிந்தைய துண்டுகளில் அது வாசலிலேயே நின்றது. மொத்தமாகச் சோதித்ததில் முன்னூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் ஒதுங்கின. மேனேஜர் அறையில் மூன்று பேரையும் நிற்க வைத்தார்கள்.

"ரீமர் எப்ப மாத்தின?" என்று மேனேஜர் கேட்டார்.

"மாத்தல சார். கோ போச்சு."

"எனக்குப் போகலயே" என்றார் இன்ஸ்பெக்டர். "முன்னூறு துண்டும் என்னைப் பாத்ததும் சுருங்கிடுச்சா?"

"மறுபடியும் சும்மா டிக்கா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். இந்தத் தடவ நிஜமாவே பாத்தேன்."

அந்த 'இந்தத் தடவ' அவனுக்கே எதிராகப் போயிற்று. மேனேஜர் அக்காவிடம் திரும்பினார்.

"கேஜ் எல்லாம் சரிதானேம்மா?"

"சரிதான் சார். ரெண்டுமே லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

உண்மையான பதில்தான். எதை யாருக்குக் கொடுத்தார் என்பதை மேனேஜர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரேடியோ ஒருமுறை அண்ணியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றான்.

மாலையில் மாடிப்படியில் அக்கா அவனை மறித்தார்.

"ஏன் தம்பி சொல்லல?"

"கேட்டு வாங்கினது நான். சொன்னா உங்க வேலையும் சேந்து போகும். வீட்டுல ஒருத்தருக்காவது சம்பளம் வேணாமா?"

"துண்டெல்லாம் நல்ல துண்டு. நாளைக்கு நான் போய்ச் சொல்றேன்."

"நாளைக்கா?" என்று சிரித்தான். "சாயங்காலமே கையெழுத்து வாங்கிட்டாங்க, அண்ணி. நானா விலகினதா எழுதச் சொன்னாங்க. வேற எடத்துல கேட்டா நல்லபடியா சொல்வாங்களாம்."

புதன்கிழமை அக்கா மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஒதுக்கிய துண்டுகளை போர் கேஜில் அளந்தார்கள். அது துளையின் அளவையே எண்ணாகக் காட்டும் கருவி. எல்லாம் இருபதுக்கு மேல் ஒன்றரை, இரண்டு மைக்ரான். வரைபடத்தின்படி ஒன்றுகூடக் கழிவு இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டும் அன்றே வண்டியேறின.

"அப்ப அவன், சார்?"

"துண்டு ஓகேம்மா. ஆளோட விஷயம் நேத்தே முடிஞ்சு போச்சு. அவன் சொன்னத யாரு நம்புவாங்கன்னு நெனச்சீங்க?"

அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

கொழுந்தன் வேறு ஊருக்குப் போனான். மாடியறை காலியானது. கணவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஒரு நாள் முன்னாடி வாயத் திறந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அக்காவுக்குப் பல நாள் தோன்றியதாம். ரேடியோ ஆரம்பத்தில் போன் செய்தான். எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. பிறகு போனும் நின்றது. மூன்றாம் வருஷம், அவன் இறந்துவிட்டதாக யாரோ ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. காய்ச்சல் என்றார்கள்.

அதற்குச் சில வாரம் கழித்து, வருடாந்தரச் சோதனையில் அந்தப் பழைய கேஜின் கோ முனை இருபதுக்குக் கீழே இறங்கியிருந்தது. இனி அது குறுகலான துளையையும் நல்லதென்று விட்டுவிடும். விதிப்படி அதைச் சாணைக் கல்லில் வைத்துப் பயனில்லாமல் ஆக்க வேண்டும். அக்கா தானே செய்தார். பொறி பறந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இதற்குப் பெரிய அர்த்தம் தேட வேண்டியதில்லை; பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

மறுநாள் மேனேஜர் மேசையில் அவருடைய விண்ணப்பம் இருந்தது. குளிர்ந்த அறையையும் நாற்காலியையும் விட்டு, ரீமர் மெஷினுக்கு மாற்றம் கேட்டிருந்தார். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை. ஒரு படி கீழான பதவி.

"ஏம்மா, கால் வலிய வெல குடுத்து வாங்குறீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

ஓய்வு பெறும்வரை ஒன்பது வருஷம் அங்கேயே நின்றார். ஐந்துக்கு ஒன்று பார்த்தால் போதும் என்பது விதி. அவர் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இருப்பதிலேயே புதிய கேஜின் பிடியைப் பிடித்து, உள்ளே விட்டுப் பார்த்தார்.