பதினொன்றரை மணி யாருடைய முறை

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் துறைமுகத்தில் சுமை இறக்கும் அப்பா, என் வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் "பிள்ளை கனடாவில வேலை" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவர் அதை மாற்றுவதில்லை.

வேலை செய்வது திருகோணமலையில்தான். உட்துறைமுகப் பக்கம் எங்கள் வீட்டின் முன்னறை, ஒரு மேசை, ஒரு கதிரை. பலசரக்குக் கடைகள் சரக்கிருப்பைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றைச் செய்யும் சின்ன நிறுவனம். ஆட்கள் மூன்று பேர். நடத்துகிறவர் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் மட்டக்களப்பு அக்கா ஒருவர். அவரும் நானும்தான் பிழை பார்க்கிறவர்கள்.

கிழமைக்கு ஒரு கூட்டம், வாரம் தவறாமல். நான் சேர்ந்தபோது அது அண்ணாவுக்குக் காலை ஏழு மணி, எனக்குப் பின்னேரம் நாலரை, அக்காவுக்கு இரவு பதினொன்று. ஒவ்வொரு கிழமையும் அப்படியே. அண்ணா கோப்பியோடு வருவார், அக்கா கொட்டாவியோடு வருவார். ஒருநாள் அக்கா சொன்னார்: "அண்ணா, உங்கட காலமைக்காக நான் ஒரு வருசமாக நித்திரை முழிக்கிறன். மாத்துங்கோ."

"மூண்டு பேருக்கும் பொருந்திற நேரம் இல்லையே தங்கச்சி. இருந்தாச் சொல்லுங்கோ, வைக்கிறன்."

அவர் சொன்னது சரி. உலக உருண்டையை எப்படித் திருப்பினாலும் எங்கள் மூவரில் ஒருவர் இருட்டில்தான் இருப்போம். பொருந்தும் நேரம் இல்லையென்றால் பொருந்தாத நேரத்தையாவது பங்கு போடலாம் என்று நான் சொன்னேன். சொன்னவளே செய் என்று அண்ணா என் தலையில் கட்டினார்.

ஒரு பின்னேரம் இருந்து மூன்று நேரங்களைப் பிடித்தேன். முதலாவது எனக்கு விடியப்புறம் நாலரை. அப்போது ரொறன்ரோவில் இரவு ஏழு, ஒக்லாந்தில் காலை பதினொன்று. இரண்டாவது அண்ணாவுக்கு இரவு பதினொன்றரை. எனக்குக் காலை ஒன்பது, அக்காவுக்குப் பின்னேரம் மூன்றரை. மூன்றாவது அக்காவின் பழைய பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மட்டும் கஷ்டம். மூன்றையும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை வருகிற மாதிரி கலண்டரில் போட்டேன். அழகாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குச் சரி போட்டுத் தந்த நாள் போல ஒரு மிதப்பு.

"பாவம், நீ விடிய நாலரைக்கு எழும்ப வேணுமே," என்றார் அண்ணா. பரிதாபப்படுகிறவரைத் தடுப்பது மரியாதையில்லை.

என் முறை வந்தது, இருந்தேன். அடுத்தது அண்ணாவின் முறை. அன்று காலை செய்தி வந்தது: "இந்தக் கிழமை பெரிசா ஒண்டுமில்லை. கூட்டம் வேண்டாம், எழுதிப் போடுங்கோ." அடுத்த கிழமை அக்காவின் முறை; அக்கா பதினொரு மணிக்கு இருந்தார். பிறகு நான். பிறகு அண்ணா: "மகளின்ர பிறந்தநாள், மன்னியுங்கோ." கலண்டர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ரத்தான நாளை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கிழமை நேரே அக்காவிடம் போனது.

அந்தக் கூட்டம் முடிந்து அண்ணா போனபிறகு அக்கா திரையிலேயே நின்றார்.

"பிள்ளை, உன்ர திட்டம் நல்லம். ஆனா அவற்ற முறை மட்டும் வருகுதில்லை. நான் இன்னொரு பதினொரு மணிக்கு இருக்க முதல் அவர் ஒருக்கா இருக்க வேணும். இல்லாட்டி நான் விட்டிட்டுப் போறன். பகிடிக்குச் சொல்லேல்ல."

அக்கா இல்லையென்றால் அந்த வேலையில் நான் தனி. "நான் ஒவ்வொரு கிழமையும் விடியப்புறம் இருக்கிறன் அக்கா. உங்களுக்கு அது காலமைதானே."

"வேண்டாம். இண்டைக்கு நீ என்ர முறையை எடுப்பாய். நான் நிம்மதியா இருப்பன். கொஞ்ச நாளில நீ விட்டிட்டுப் போவாய். அவர் அப்பவும் கோப்பி குடிப்பார்."

விடை எனக்கு அம்மா அடுப்பெரிக்கும் குசினி வாசலில்தான் கிடைத்தது, அதுவும் நானே கத்திக்கொண்டிருக்கும்போது. அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். தட்டுகளைக் கழுவுவது நாங்கள் மூன்று பெண்பிள்ளைகளும் நாளுக்கொருவராக. முதல்நாள் ரியூசன் வகுப்பு என்று ஓடிய கடைசித் தங்கச்சி, "இண்டைக்குச் சின்னக்காவின்ர நாள்," என்று நடுத் தங்கச்சியைச் சாட்டி நழுவப் பார்த்தாள்.

"ஆரின்ர நாள்? நேற்று நீ கழுவேல்லை, சின்னக்காதான் கழுவினவள். கழுவும் வரைக்கும் உன்ர முறைதான். நாள் ஓடினா முறையும் ஓடுமோ?"

கத்திவிட்டு அப்படியே நின்றேன். தங்கச்சி, நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்து இன்னும் இரண்டடி நகர்ந்தாள். அவளைப் பிடித்துத் தட்டுகளுக்கு முன்னால் இருத்திவிட்டு முன்னறைக்குப் போனேன்.

அடுத்த விடியப்புறக் கூட்டத்தில் சொன்னேன்: "அண்ணா, கலண்டரில் இருக்கிற மூண்டு கூட்டத் தொடரையும் அழிச்சிட்டன். இனி முறை கிழமையோட போகாது, ஆளோட நிக்கும். ரத்துச் செய்யலாம், ஆனா அடுத்த கிழமையும் அதே ஆளின்ர நேரம்தான். கூட்டம் நடந்தாத்தான் அடுத்த ஆளிட்டப் போகும்."

"இதென்ன, துறைமுகத்துத் தொழிற்சங்கமோ?"

"இல்லை அண்ணா, தட்டுக் கழுவுற சங்கம்."

அவருக்கு விளங்கவில்லை, ஆனால் சிரித்தார். சரி என்றும் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அடுத்தது யாருடைய முறை என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கிழமை அண்ணா ரத்துச் செய்தார். தடிமனும் மூக்கடைப்புமாம். நான் அடுத்த கிழமைக்கும் அதே பதினொன்றரைக்கு அழைப்பு அனுப்பினேன். அக்கா ஒரு சிரித்த முகம் மட்டும் அனுப்பினார். மென்பொருளின் புதிய பதிப்பு கடைகளுக்குப் போக மூவரும் கூட்டத்தில் சரி சொல்ல வேண்டும். அண்ணா வராவிட்டால் அவருடைய பதிப்புத்தான் கிடக்கும்.

வந்தார். எனக்கு ஜன்னலில் ஒன்பது மணி வெயில். அண்ணாவின் திரையில் இருட்டு.

"கமெராவைப் போடுங்கோ அண்ணா," என்றார் அக்கா, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக் காட்டி.

"போட்டுத்தான் இருக்கு. குசினியில இருக்கிறன், லைற்றைப் போட்டா எல்லாரும் எழும்பிடுவினம்," என்று கிசுகிசுத்தார். இருட்டுக்குள் ஒரு தொப்பியும் மூக்கும் தெரிந்தன.

"இந்தப் புதன்கிழமை..." என்று தொடங்கினேன்.

"எனக்கு இன்னும் செவ்வாய் பிள்ளை. செவ்வாயே முடியேல்லை."

வழக்கமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கும் மனிதர். அன்று கடை வாடிக்கையாளர் கதை இல்லை, காலநிலை இல்லை. பாதி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. பதிப்புக்கும் மூன்று சரி. பிறகு அண்ணா தொப்பியைக் கழற்றிக் கமெராவுக்குக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் இப்பிடியோ இருந்தது?"

"இல்லை அண்ணா. எனக்கு இடையில பிள்ளையும் எழும்பி அழும்."

"சரி. இனி ஆரின்ர முறையெண்டாலும் அரை மணித்தியாலம்தான். என்னையும் கதைக்க விடாதேங்கோ."

அடுத்த கிழமை அக்காவின் பதினொரு மணி. அக்கா வருவாரா என்று பின்னேரம் நாலரைக்கு முன்னமே திரையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அரை மணித்தியாலத்தில், அண்ணா ஒரு கடைக் கதையைத் தொடங்கின இடத்தில், அக்கா கையை உயர்த்தினார்.

"நேரம் முடிஞ்சுது. நான் படுக்கப் போறன். அடுத்த கிழமை உன்ர முறை பிள்ளை. விடிய நாலரைக்கு எழும்புவியோ?"

"எழும்பத் தேவையில்லை அக்கா," என்றேன். "அம்மா இடியப்பம் அவிக்கிற நேரம் அது. அப்ப எங்கட வீட்டில நித்திரை கொள்ளத்தான் ஏலாது."