ஒரே கணக்கில் ஒரு தோட்டம்

கோல சிலாங்கூரில் எங்கள் முதலாளி அக்கா நடத்திய கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் கால் வைத்ததில்லை. கடைவீட்டு மாடியில் சேலை, குத்துவிளக்கு, முறுக்கு அச்சு என்று கூரை வரை அடுக்கியிருப்போம். ஆர்டர் எல்லாம் இணையத்தில் வரும். பார்சல் கட்டுவதும், பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு வேனில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. அதற்கு முன் இறால் குளத்தில் இருந்தேன், செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் இருந்தேன், கெர்லிங்கில் ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் சாப்பாட்டு மங்கு கழுவினேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஒரு வாரத்துக்கு என்று வந்த இடத்தில் அந்த மாடி மூலையிலேயே பாயைப் போட்டுத் தங்கிவிட்டேன்.

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிய வாரத்தில்தான் திருட்டு நடந்தது. பூட்டு உடையவில்லை, ஒரு சேலைகூடக் குறையவில்லை. கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவன் அக்காவின் தங்கை மகன். அவன்தான் ஷா ஆலாமிலிருந்து ஓடி வந்து சொன்னான். வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் நிர்வாகக் கணக்கை நாங்கள் மூடாமல் விட்டிருந்தோம். அவள் அதே கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் வைத்திருக்கிறாள். அங்கே கசிந்ததை எடுத்து எவனோ எங்கள் தளத்துக்குள் நுழைந்து, வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொண்டு போயிருக்கிறான். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், முகவரி, யார் என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் போய்விட்டது. கடவுச்சொற்களும் போயின, ஆனால் அவை அப்படியே படிக்க முடியாதபடி உருமாற்றி வைத்தவை. வங்கி அட்டை விவரம் போகவில்லை, ஏனென்றால் அது எங்களிடம் இருந்ததே இல்லை. பணம் செலுத்துவது வேறொரு நிறுவனத்தின் பக்கத்தில்.

அவன் அந்தப் பழைய கணக்கை மூடினான். எல்லாரையும் தளத்திலிருந்து வெளியேற்றி, புதுக் கடவுச்சொல் வைத்தால்தான் உள்ளே வர முடியும் என்று மாற்றினான். தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதிப் போட்டான். இனி வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா அழவில்லை. கடன் வாங்கிப் போட்ட சரக்குக்கு நடுவில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“நம்ம வாயால அவங்க முதல்ல கேக்கணும். திருடன் வாயால கேட்டா அதுக்கப்புறம் ஒருத்தரும் நம்மகிட்ட வாங்க மாட்டாங்க.”

தங்கை மகன் எழுதிய முதல் கடிதம் ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு’ என்று தொடங்கியது. எனக்குப் படித்துக் காட்டினார்கள். எனக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்பது அக்காவின் கணக்கு. என்ன காணாமல் போச்சு என்று கேட்டேன். அது நாலாவது பத்தியில் இருந்தது. அக்கா எழுதியதில் மன்னிப்பு மட்டும்தான் இருந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம்.

கடைசியில் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. என்ன நடந்தது, எது போனது, எது போகவில்லை, நாங்கள் என்ன செய்தோம் என்று வரிசையாக. பிறகு அவர்கள் செய்ய வேண்டியது: ‘இதே கடவுச்சொல்லை வேறு இடத்திலும் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். எங்கள் பெயரிலோ கூரியர் பெயரிலோ யாராவது அழைத்து, உங்கள் கைப்பேசிக்கு வரும் வங்கியின் டெக் எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம்.’ அழுத்துவதற்கு ஒரு இணைப்புகூட அதில் வைக்கவில்லை. ஏமாற்றுக்காரன் அனுப்பும் கடிதத்தில்தான் அது இருக்கும் என்றான் தங்கை மகன். கடையின் தொலைபேசி எண்ணை மட்டும் போட்டு, மலாயிலும் ஆங்கிலத்திலும் அதையே எழுதி, மின்னஞ்சலில் அனுப்பினான். எல்லாக் கணக்குக்கும் போய்விட்டது என்று கணினி காட்டியது.

எனக்கு மறுநாள்தான் உறைத்தது. நான் பார்சல் போடும் தோட்டங்களில் ஆளுக்கொரு கணக்கு கிடையாது. தனித்தனியாக வாங்கினால் அனுப்பும் கட்டணம் விழும், சேர்த்து வாங்கினால் இலவசம். அதனால் ஒரு தோட்டத்துக்கு ஒரே கணக்கு. யாராவது ஒருத்தர் திறந்து, லயத்து வீடுகளில் உள்ள எல்லார் பெயரையும் எண்ணையும் அதற்குள் போட்டு வைத்திருப்பார். நான் கோயில் வாசலில் வேனை நிறுத்திப் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பேன். கணினிக்கு அது ஒரு வாடிக்கையாளர். திருடனுக்கு ஒரு தோட்டம்.

இதைச் சொன்னதும் அக்கா கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

அன்று சாயங்காலம் முதலில் போன தோட்டத்தில் கணக்கு வைத்திருந்தவர், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி. மின்னஞ்சலா, அதைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு என்றார். ஆனால் அவர் ஒரு குரல் கொடுத்ததும் கோயில் வாசல் நிறைந்துவிட்டது. பார்சல் என்று நினைத்து வந்தவர்கள், எங்கள் வெறுங்கையைப் பார்த்ததும் என்னை வம்புக்கு இழுத்தார்கள். அக்கா நின்றபடி கடிதத்தைப் படித்தார். குரல் நடுங்கவில்லை. ஒரு வரியையும் விடவில்லை.

படித்து முடித்ததும், பின்னால் நின்ற பெரிய உடம்புக்காரப் பெண்மணி ஒருவர் முன்னால் வந்தார். நர்சரியில் செம்பனைக் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறவர்.

“அப்ப காலையில எனக்குப் போன் பண்ணவன் யாரு?”

அவன் என்ன சொன்னான் என்று அக்கா கேட்டார். கூரியர் கம்பெனி என்று மலாயில் பேசினானாம். அவர் பெயர், தோட்டம், வாங்கிய பச்சைச் சேலை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னானாம். பார்சல் மாட்டிக்கொண்டது, கட்டணம் கட்ட வேண்டும், கைப்பேசிக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லு என்றானாம்.

“நம்பரச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க சொல்றது. தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன், சாயங்காலம் கூப்புடுன்னுட்டேன்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. திருடன் முந்திவிட்டானே என்று நானும் நினைத்தேன். நேற்றே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று மண்டோரின் மனைவி கேட்டார். சொல்லியிருக்க வேண்டும், மின்னஞ்சல் போதும் என்று நினைத்தது எங்கள் தப்பு என்றார் அக்கா.

அந்த நேரத்தில் நர்சரிக்காரரின் கைப்பேசி அடித்தது. அதே எண். அவர் எல்லாரையும் கையால் அமர்த்திவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டார். அவன் மரியாதையாகப் பேசினான். பச்சைச் சேலை, தோட்டத்துப் பெயர், எல்லாம் மறுபடி வந்தது. கடிதத்தில் நாங்கள் எச்சரித்திருந்ததையே இவன் பார்த்துப் படிக்கிறானோ என்று தோன்றியது. நம்பர் வந்துவிட்டதா என்று கேட்டான்.

வந்துவிட்டது என்று மலாயில் சொன்னார் அவர். ஆனால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை, கோயிலுக்கு நேரில் வந்தால் காட்டுகிறேன், இங்கே ஒரு முப்பது பேர் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். முப்பது பேரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அழைப்பு பட்டென்று அறுந்தது.

அதற்குப் பிறகு கேள்விகள் வேறு மாதிரி வந்தன. வங்கிக்கும் இதே கடவுச்சொல்தான் வைத்திருக்கிறேன், என்ன செய்வது என்று ஒருத்தர் கேட்டார். அக்கா அவரை அங்கேயே உட்கார வைத்து மாற்ற வைத்தார். அவன் அழைத்த எண்ணைத் தடுத்து வைக்கவும், வங்கிக்குத் தெரிவிக்கவும் நர்சரிக்காரருக்குச் சொன்னார். மண்டோரின் மனைவி புதுக் கடவுச்சொல்லைத் தட்டும்போது எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பினார்கள். ஆனால் ஆளுக்கொரு கணக்கு திறக்கலாமே என்று நான் சொன்னதற்கு, அனுப்பும் கட்டணத்தை உன் சம்பளத்திலிருந்து கொடுப்பாயா என்று கேட்டார்கள்.

இப்படி ஒரே கணக்கில் இருக்கும் தோட்டம் இன்னும் எத்தனை என்று அக்கா கேட்டார். சுங்கை பஞ்சாங் பக்கம் வரை இருக்கிறது என்றேன். அக்கா மிச்சமிருந்த கடிதங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, நர்சரிக்காரர் காலணியை உதறிவிட்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“நீ படிச்சா அவங்களுக்குத் தூக்கம் வந்துரும்லா. எனக்கு வந்த போன் கதைய நான் சொல்றேன், நீ பக்கத்துல நில்லு. வண்டிய எடு தம்பி.”

அக்கா பின்னால் ஏறி, குத்துவிளக்குப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.