வரவேற்புரை இல்லாத புரொபோசல்

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் நானும் என் தோழியும் சேர்ந்து, சிறு தொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனி தொடங்கினோம். கம்பெனி என்றால் ஒரு மேசை, இரண்டு மடிக்கணினி, அவ்வளவுதான். அவள் ரவாங் நகரத்துத் தொழிற்சாலை வேலையை விட்டு வந்தவள். திரும்ப வருகிறாயா என்று பழைய மேலாளர் கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல் வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் போய்விடுவாள்.

அந்த வாடிக்கையாளர், செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருக்கும் ஓர் அக்கா. குலையை இறக்கும் எண்ணெய் ஆலை வாசலில் காத்துக் கிடந்தே பொழுது போகிறது, நாளுக்கு ஒரு நடைதான் ஓடுகிறது, இரண்டு நடை ஓட வேண்டும் என்றார். என்ன செய்வோம், எவ்வளவு ஆகும் என்று ஒரு புரொபோசல் எழுதிக் கேட்டார்.

தோழி எழுதினாள். கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகியவள், இதிலும் மைக்கை விடவில்லை. முதல் பக்கம் முழுக்க வணக்கம். அடுத்தது எங்கள் குடும்பங்கள் எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தன என்ற கதை. பிறகு எங்கள் படிப்பு. லோரி நாலாம் பக்கத்தில்தான் எட்டிப் பார்த்தது. கட்டணமோ, "தங்கள் மனம்போல் பேசிக்கொள்ளலாம்."

"ஐயோ, இது என்னடி, கல்யாணப் பத்திரிகையா?" என்று கத்திவிட்டேன்.

"மரியாதை வேணாமா? எடுத்த எடுப்பிலயே காசு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"அந்த அக்காவுக்கு லோரி ஓடணும்லா. நம்ம கதை எதுக்கு?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் மூன்று பக்கத்தையும் வெட்டினேன். அக்கா சொன்னதையே முதல் வரியாக்கினேன்: உங்கள் லோரிகள் ஒரு நாளில் இரண்டு நடை ஓட வேண்டும். அதன் கீழே நாங்கள் செய்வது: ஆலையில் எந்த நேரம் நெரிசல் என்று கவனிப்பது, லோரி கிளம்பும் நேரத்தை மாற்றி அமைப்பது, ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிக்கு அதைப் பழக்கிவிடுவது. செய்யாதது: லோரி ரிப்பேர், ஆலையோடு பேரம். இரண்டு வாரம் கவனிப்பு, நான்கு வாரம் புது நேரப்படி ஓட்டிப் பார்ப்பது. கட்டணம் பன்னிரண்டாயிரம் வெள்ளி; பாதி தொடக்கத்தில், பாதி முடிவில், பயணச் செலவும் இதற்குள். கடைசியில் கையெழுத்துக்கு இடம். எல்லாம் இரண்டே பக்கம்.

வெள்ளிக்கிழமை அக்கா தன் ஆபீஸில் எங்கள் எதிரே முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நான் சொன்னதுதானே!"

பிறகு விரலை வைத்து மெதுவாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"ரிப்பேர் பாக்க மாட்டீங்களா?"

தோழி மேசைக்கடியில் என் கையைக் கிள்ளினாள்.

"இல்லக்கா. அது எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"சரி, அது என் பாடு. முன்னாடியே சொன்னீங்களே, அது போதும். போன தடவை ஒருத்தர் 'அப்புறம் பேசிக்கலாம்'னாரு. பில்லைப் பாத்து எனக்கு மயக்கமே வந்துருச்சி."

தோழி என்னைப் பார்க்கவே இல்லை. அக்கா கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

"ஆமா, நீங்க ரெண்டு பேரும் எந்த எஸ்டேட்டு?"

அவ்வளவுதான், தோழி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். நான் வெட்டிய மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள். அக்கா தேநீர் வரவழைத்துக் கேட்டார். வெளியே வந்ததும் தோழி பழைய மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வணக்கம்கூட இல்லை. ஒரே வரி: "நான் வரல சார்."