அன்புச்செல்வி மிஸ்ஸும் மர முட்டையும்

போத்தனூரில் ரயில்வே கேங்மேனாக இருந்த சுப்பையனின் மகள் அன்புச்செல்வி, வேதியியலில் பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, அரசு வேலைக்கு அழைப்பு வரும்வரை எங்கேயாவது இருக்க வேண்டுமே என்றுதான் அந்த மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கிருந்த எல்லோருக்கும் மனசுக்குள் மார்க் போட்டு, ஒருவர் விடாமல் ஃபெயிலாக்கிவிட்டாள்.

முதல் முட்டை மார்க் கரஸ்பாண்டென்ட் கோவிந்தராஜுலுவுக்கு. பம்பு செட் ஃபவுண்டரி வைத்திருந்தவர், ஃபவுண்டரியைவிடப் பள்ளிக்கூடத்தில் மரியாதை அதிகம் என்று யாரோ சொல்லக் கேட்டு இதை ஆரம்பித்தவர். "டிசிப்ளின்" என்ற சொல்லைத் தவிர கல்வியைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது. தமிழில் பேசும் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கச் சொல்லிவிட்டு, அதைக் கண்காணிக்கும் ஆயாவிடம் சுத்தமான கொங்குத் தமிழில் பேசிக்கொண்டு நிற்பார். "தூய சைவ வளாகம்" என்று கேட்டில் பலகை வைத்திருந்தார். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன கொதிக்கும் என்பது தெருவுக்கே மணக்கும். சைவம் என்றால் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. நல்ல குடும்பம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அன்புச்செல்வி தன் டிபன் பாக்ஸை ஒருமுறை நினைத்துக்கொள்வாள். கருவாட்டுக் குழம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, தயிர்ச்சோறு கொண்டுவந்து தின்னும் தன்மீதும் அவளுக்கு ஏளனம் உண்டு.

பிள்ளைகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஏழாம் வகுப்பில் யஷ்வந்த் என்று ஒருவன், எந்தக் கேள்விக்கும் முதலில் கையைத் தூக்குவான். "டென்சிட்டி ஈஸ் மாஸ் பர் யூனிட் வால்யூம், மிஸ்." சரி, அப்படியென்றால் இரும்பு ஏன் மூழ்குகிறது? "டென்சிட்டி ஈஸ் மாஸ் பர் யூனிட் வால்யூம், மிஸ்." சொன்னதையே சொல்லும் டேப் ரெக்கார்டர். கடைசி பெஞ்சில் சாய்ப்ரியா. சூலூர்ப் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கும் நஞ்சுண்டனின் மகள். காரில் வந்து இறங்குவாள், ஜன்னலைப் பார்ப்பாள், காரில் ஏறிப் போவாள். அவள் வாயைத் திறந்து அன்புச்செல்வி பார்த்ததில்லை. காசிருக்கும் வீட்டு மந்தம் என்று ரிஜிஸ்டரில் எழுதாத குறைதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் டிசம்பரில் பெற்றோர் தினம் வந்தது. சினிமாப் பாட்டுக்கு ஆடுவதெல்லாம் பழசாகிவிட்டது, இந்த வருஷம் "சயின்ஸ் லைவ் டெமான்ஸ்ட்ரேஷன்" வேண்டும் என்றார் கோவிந்தராஜுலு. அடர்த்தி பாடம் நடந்துகொண்டிருந்ததால் அது அன்புச்செல்வி தலையில் விழுந்தது. மிதப்பவை, மூழ்குபவை, கடைசியில் உப்புத் தண்ணீரில் முட்டை. அவள் எழுதிக் கொடுத்த பட்டியலைப் படித்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க மிஸ், முட்டையா? நம்ம கேம்பஸ்லயா?"

"பாடப் புஸ்தகத்துலயே இருக்குதுங்க சார்."

"புஸ்தகத்துல இருக்கட்டுமுங்க. கேட்டுல போர்டு வெச்சுப்போட்டு ஸ்டேஜ்ல முட்டைய ஒடச்சா பேரண்ட்ஸ் என்ன நினைப்பாங்க?"

"ஒடைக்க மாட்டோமுங்க. தண்ணியில போடறதுதான். அது வேண்டாம்னா உருளைக்கெழங்கு போட்டாலும் அதே மாதிரி வரும் சார்."

"கெழங்கு பாக்கறதுக்கு லட்சணமா இருக்காதுங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிப்பதாக முகத்தை வைத்துக்கொண்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "நம்ம ஃபவுண்டரிக்கு மர அச்சு செய்யற பேட்டர்ன் கடையில சொல்லி மரத்துல ஒண்ணு கடையச் சொல்றனுங்க. வெள்ளப் பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"மரம் சும்மாத் தண்ணியிலயே மிதந்துருமுங்க சார். அப்பறம் உப்பு எதுக்கு?"

"அதனால நீங்க சும்மாத் தண்ணியில போடாதீங்க. உப்பக் கரைச்சுப்போட்டு, அதுக்கப்பறம் போடுங்க. மிதக்கும். எல்லாரும் கை தட்டுவாங்க."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபவுண்டரியில் பிறந்து வளர்ந்த ஆள், எது கனம் எது லேசு என்பதில் காலம் தள்ளிய ஆள், ஒரு பாடத்தை நடுவில் வெட்டியெடுத்துப் போட்டுவிட்டு கைதட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். "சரிங்க சார்" என்றாள். அந்தச் "சரிங்க"வில் எவ்வளவு அவமரியாதை இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெற்றோர் தினத்தன்று பந்தல் நிறையக் கூட்டம். எப்போதும் பூட்டியே கிடக்கும் லேபின் கண்ணாடி பீரோ அன்றைக்குத் திறந்தது. பீக்கரும் தராசும் மேடையில் மேஜைக்கு வந்தன. யஷ்வந்த் மைக்கைப் பிடித்து மாஸ் பர் யூனிட் வால்யூமை முழங்கினான். அன்புச்செல்வி ஒரு இரும்பு போல்ட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள், மூழ்கியது. அதைவிடப் பலமடங்கு கனமான மரக்கட்டையைப் போட்டாள், மிதந்தது. கனமானதுதான் மூழ்கும் என்பது தப்பு, ஒரே அளவு எடுத்துப் பார்க்கும்போது தண்ணீரைவிட எது கனமோ அதுதான் மூழ்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கும் அவள் மார்க் போட்டாள்.

அடுத்தது முட்டை. கண்ணாடி ஜாடியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், பக்கத்தில் தூள் உப்புப் பாக்கெட். மர முட்டை பட்டுத்துணிமேல் உட்கார்ந்திருந்தது, பெயின்ட் பளபளவென்று. கோவிந்தராஜுலு முதல் நாற்காலியிலிருந்து உப்பைக் காட்டிக் கண்ணசைத்தார்.

அன்புச்செல்வி உப்பைத் தொடவில்லை. மர முட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டி, சும்மாத் தண்ணீரில் போட்டாள். அது குதித்து மேலே வந்து படுத்துக்கொண்டது.

புரியாதவர்கள் கைதட்டலாமா என்று பக்கத்தில் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நஞ்சுண்டன்தான்.

"ஏனுங்க கரஸ்பாண்டென்ட் சார், இது கோழி போட்டதுங்களா, ஆசாரி போட்டதுங்களா?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தராஜுலு மட்டும் சிரிப்பு மாதிரி எதையோ உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளு பூரா முட்டையோட கெடக்கறவனுங்க நானு. ஒரு முட்டைக்கா இந்தப் பாடு? வண்டியில ட்ரே இருக்குது, இருங்க வாரேன்."

போர்டு, கேம்பஸ் என்று கரஸ்பாண்டென்ட் எழுந்து ஏதோ சொல்லத் தொடங்குமுன் அவர் போய்விட்டு வந்தும் விட்டார். அன்றைக்குக் காலையில் எடுத்த முட்டை. மேடையேறி, மர முட்டையை எடுத்துவிட்டுத் தானே அதை ஜாடியில் விட்டார். முட்டை நேராக அடிக்குப் போய்ப் படுத்தது.

அன்புச்செல்வி முட்டையைக் கரண்டியால் வெளியே எடுத்துவிட்டு உப்பைப் போட்டாள். இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி முட்டையை விட்டாள். மூழ்கியது. நாலு கரண்டி. மூழ்கியது. "வேலைக்காகாதுங்க" என்று முன்வரிசையில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அவள் கவனிக்கவில்லை. போடப் போடத் தண்ணீர் கலங்கி வெளுத்தது. கால் கிலோவுக்குக் கிட்டப் போனபோது, உள்ளே விட்ட முட்டை அடியில் நுனி குத்தி நின்றது, ஆடியது, பிறகு மெல்ல எழுந்து மேலே வந்தது. ஓர் எட்டணாக் காசு அளவுக்கு வெள்ளையோடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. நஞ்சுண்டன் மைக்கை வாங்கிக்கொண்டார். "உப்பு உள்ள எறங்கி முட்டைக்குத் தெம்பு குடுக்குதுங்க! அதான் மேல வருது!"

இந்த ஆளுக்கும் முட்டை மார்க்தான் என்று அன்புச்செல்வி நினைத்த நேரத்தில், மேடையோரம் வரிசையில் நின்ற பிள்ளைகளிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், லேசானது முட்டையா, கனமானது தண்ணியா?"

சாய்ப்ரியா. தமிழில்தான் கேட்டாள். கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பி.எட். வகுப்பில்கூட யாரும் கேட்டிராத கேள்வி. பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

"போதுமுங்க மிஸ், சீஃப் கெஸ்ட் வெயிட் பண்றாங்க" என்றார் கோவிந்தராஜுலு.

"இருங்க சார். கொழந்த கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல." மைக் பக்கத்தில் இருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். "இங்க வா கண்ணு. அந்த முட்டைய எடுத்துத் தொடச்சு, இந்தத் தொட்டியில இருக்கற சும்மாத் தண்ணியில விடு."

சாய்ப்ரியா விட்டாள். முட்டை மறுபடியும் அடிக்குப் போனது.

"முட்டை மாறலீங்க மிஸ்."

"அப்ப?"

அவள் தராசைப் பார்த்தாள். அன்புச்செல்வி இரண்டு காலி பீக்கரைத் தட்டுகளில் வைத்தாள். ஒன்று கொஞ்சம் தாழ்ந்தது. மற்ற தட்டில் ஒரு காகிதத் துண்டைக் கசக்கிப் போட்டுச் சமம் செய்தாள். பிறகு சாய்ப்ரியா ஒன்றில் நல்ல தண்ணீரும் மற்றொன்றில் உப்புத் தண்ணீரும் ஒரே கோடு வரைக்கும் ஊற்றினாள். உப்புத் தண்ணீர்த் தட்டு டக்கென்று இறங்கியது.

"தண்ணிதானுங்க கனமாயிருச்சு" என்றாள் அந்தப் பிள்ளை. யாரிடமும் சொல்லவில்லை, தராசிடம் சொன்னாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அது அன்புச்செல்விக்கு நிம்மதியாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் அன்புச்செல்வி சாய்ப்ரியாவிடம் கேட்டாள்: "இத்தன நாளா ஏன் சாமி வாயே தெறக்கல?"

"முட்டைக்காரன் புள்ளைன்னு சிரிப்பாங்க மிஸ். அதுவுமில்லாம எனக்கு இங்கிலீஷ்ல கேக்கத் தெரியாது."

அன்புச்செல்வி தான் போட்டுவைத்த மார்க்கை நினைத்து முதன்முறையாக வெட்கப்பட்டாள். ஆனால் அந்த வெட்கம் அந்த ஒரு பிள்ளையோடு நின்றது. மற்றவர்கள் மார்க்கைத் திருத்த அவளுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமே கோவிந்தராஜுலு அதற்குச் சாட்சி அனுப்பினார்: பள்ளி வளாகத்துக்குள் முட்டை அனுமதிக்கப்பட்டது குறித்து விளக்கம் கேட்டு ஒரு மெமோ. முட்டையைக் கொண்டுவந்தது நஞ்சுண்டன். அவருக்கு மெமோ கொடுக்க முடியாது, அவர் புதுக் கட்டிடத்துக்கு நன்கொடை தருபவர்.

அவள் பதில் ஒரே வரியில் இருந்தது. "மரம் மிதக்கும், முட்டை மூழ்கும் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டதற்கு வருந்துகிறேன்." அதனடியில் ராஜினாமா.

ஒன்றரை வருஷம் வீட்டில் ட்யூஷன் எடுத்தாள். பிறகு வெள்ளகோவில் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஆர்டர் வந்தது. லேப் என்று சொல்லப்பட்ட அறையில் உடைந்த நாற்காலிகள்தான் இருந்தன. தலைமையாசிரியர் மதியத்துக்கு மேல் மேஜையிலேயே தூங்குபவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே அன்புச்செல்வி அவரையும் ஃபெயிலாக்கினாள். பிள்ளைகளுக்கு மட்டும் முதல் பருவம் முடியும்வரை எந்த மார்க்கும் போடவில்லை.