தேய்மானத்துக்கு யாருக்குச் செக் எழுதுகிறோம்?

தொண்ணூறுகளில் பீளமேட்டு நூற்பாலை ஒன்றில் கணக்காளராகச் சேர்ந்த மூன்றாவது மாதமே, ஆலையை மூடச் சொல்லி அறிக்கை எழுதினேன். பரீட்சையில் முதல் முயற்சியிலேயே தேறிய கர்வம் அப்படி.

என்னைவிட இரண்டு வயது இளையவரான முதலாளியம்மாவிடம் விளக்கினேன். "மாசம் நிலையான செலவு பத்து லட்சமுங்க. பஞ்சு, கரண்டு எல்லாம் போகக் கிலோவுக்கு இருபது ரூபா நிக்குது. அம்பதாயிரம் கிலோ வித்தாத்தான் நட்டமில்லீங்க. நாம விக்கறது முப்பத்தாறாயிரம். மூடிப்போடலாமுங்க."

அவர் தாளைப் பார்த்தார். "ஏனுங்க, இதுல தேய்மானம் நாலு லட்சமுன்னு இருக்குதே, அத யாருக்குச் செக் எழுதறோமுங்க?"

"யாருக்குமில்லீங்க. மெஷினுக்கு முன்னயே குடுத்த வெலையக் கணக்குல கொஞ்சங் கொஞ்சமாக் கழிக்கறதுங்க."

"அப்பக் கையிலிருந்து போறது ஆறு லட்சந்தானுங்களே?"

ஆறு லட்சத்தை இருபதால் வகுத்தேன். முப்பதாயிரம் கிலோ விற்றாலே கையிலிருந்து போகும் பணம் திரும்பிவிடும். ஏட்டில் நட்டம்தான், ஆனால் கையில் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் மிஞ்சிக்கொண்டிருந்தது.

"மெஷின மாத்தற காலம் வந்தா உங்க அம்பதாயிரம் கிலோவும் வித்தாகணுமுங்க. அதுக்குள்ள ஆர்டர் புடிச்சுக்கலாம்" என்றார்.

ஆலை ஓடியது. இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்த மேதாவி நான், அன்று மத்தியானம் அவர்களோடு கேண்டீனில் தலைநிமிராமல் சாப்பிட்டேன்.