அத்தை கடையின் வாரண்டி விதிகள்

ஒரே வாரத்தில் நடந்தவை:

1. ஒரு பெண்மணி மிக்சியைக் கொண்டுவந்து, ஓடவில்லை என்றார். கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. அரைக்க முடியாத அளவுக்கு அள்ளிப் போட்டால் மோட்டார் எரியாமல் இருக்க அந்தப் பொத்தான் தானாக மின்சாரத்தை நிறுத்தும் என்று சொன்னேன். "அப்போ இத்தன நாளு ஓடாம இருந்ததுக்கு யாரு பதில் சொல்றது?" என்று புது மிக்சி கேட்டார்.
2. ஒருவர் ரைஸ் குக்கரோடு வந்தார். நாங்கள் விற்றதில்லை, அந்தப் பிராண்டே எங்களிடம் இல்லை. "கடைன்னா எல்லாத்தையும் பாக்கணும்லா, பொஸ்" என்றார்.
3. இஸ்திரிப்பெட்டிக்குப் பிளக் மாற்றிக் கொடுத்திருந்தோம். பிறகு அதன் சூட்டுக் கம்பி போய்விட்டது. "நீங்க கை வெச்ச பிறகுதான் இப்படி ஆச்சு" என்று சண்டை.
4. பழுது பார்த்த மிக்சியை வாங்க வந்தவர், சின்ன ஜாரின் மூடியை நாங்கள் தொலைத்துவிட்டதாகக் கத்தினார். மாலையில் அவரே போன் செய்து, மூடி வீட்டில்தான் இருக்கிறது, சும்மா சொல்லி வைக்கிறேன் என்றார்.
5. இந்த நான்கு முறையும் அத்தை ரைஸ் குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.
6. வாரக் கடைசியில் கல்லாவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவ யாராச்சும் வாசல்ல நின்னு என்னைப் பாத்து கத்தட்டும். ஷட்டரை இறக்கிட்டு சுங்கை பூலோவுக்கே போயிருவேன்."

சுங்கை பூலோவில் அவருடைய மகள் இருக்கிறாள். போனால் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கிள்ளான் நகரில், பூக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவே இருக்கிறது அந்தக் கடை. பள்ளி விடுமுறை என்றால் அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். புது மின்விசிறிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டுவேன். பெட்டி பிரிக்கும்போது வரும் அட்டை வாசமும் தெர்மாகோல் கிறீச்சிடும் சத்தமும் இப்போதும் எனக்கு விடுமுறைதான். மாமா, அதாவது அத்தையின் கணவர், உயிரோடு இருந்தவரை கடைக்கு விதி என்று எதுவும் கிடையாது. யார் எதைக் கொண்டுவந்தாலும் "ஓகே லா, விட்டுட்டுப் போங்க" என்பார். அது வாரண்டியா இல்லையா, எப்போது கிடைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. மாமா நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்பிவிடுவார். கோபமாக வந்தவர் போகும்போது ஒரு மின்சாரக் கெண்டியாவது வாங்கிக்கொண்டு போவார்.

அத்தைக்கு அந்த வாய் இல்லை. மாமா போன பிறகு கடை நின்றது அவருடைய பிடிவாதத்தில். ஆனால் சண்டை என்றால் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். நான் மின்பொறியியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த மாதங்கள் அவை. பழுது பார்க்கும் மேசை என் பொறுப்பில் இருந்தது. அத்தை சுங்கை பூலோ என்று சொன்ன மறுநாள், விதிகள் எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவது எனக்குச் சுலபம். எங்கே சண்டை வருகிறது என்று முதலில் பிரித்துக்கொண்டேன். விற்கும்போது சொல்லாமல் விட்டது, வாங்கி வைக்கும்போது பார்க்காமல் விட்டது, பழுது பார்க்கும் முன் கேட்காமல் விட்டது. பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஆகவே இப்படி எழுதினேன்: விற்கும் பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்து, வாங்குபவர் முன்னால் ஓட்டிக் காட்டுவது. பழுதுக்கு வந்தால் மிக்சியின் அடிப்பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஜாரையும் மூடியையும் கையோடு திருப்பித் தருவது. திறந்து பார்க்க ஒரு சிறு கட்டணம், பழுது பார்த்தால் அதைக் கழித்துக்கொள்வது. செலவு எவ்வளவு என்று போனில் சொல்லி, சரி என்ற பிறகே கை வைப்பது. நாங்கள் மாற்றிய பாகத்துக்கு மூன்று மாதம் எங்கள் பொறுப்பு, அந்தப் பாகத்துக்கு மட்டும்.

வாசலில் "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது" என்று மாமா காலத்துப் பலகை ஒன்று தொங்கியது. மாமாவே அதை மதித்ததில்லை. பொருள் வாங்குபவருக்குப் பயனீட்டாளர் சட்டம் கொடுக்கும் உரிமையைக் கடைப் பலகை பறித்துவிட முடியாது என்று படித்திருந்தேன். பழுதோடு விற்றால் கடைக்கும் பொறுப்பு உண்டு. கழற்றிவிட்டேன். அத்தை அதைத் துடைத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தார்.

வாரண்டி எப்போது செல்லாது என்பதை மட்டும் விநியோகஸ்தர் கொடுத்த அட்டையிலிருந்து அப்படியே எடுத்தேன். கீழே விழுந்தால் செல்லாது. வேறு ஆள் திறந்தால் செல்லாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் செல்லாது. பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன்.

இரண்டு வாரம் கடை அமைதியாக இருந்தது. பிறகு தீபாவளிக்கு முன்பு, காப்பார் பக்கத்திலிருந்து ஓர் ஆன்டி வந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர், மைக் இல்லாமலே பேசக்கூடியவர். கூட வந்த மருமகன் கிரைண்டரைத் தூக்கிவந்து கல்லா மேல் வைத்தான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை.

அடித்தட்டைக் கழற்றினேன். பெல்ட் ஈரம். மோட்டாரைச் சுற்றி வெள்ளையாக மாவு காய்ந்திருந்தது.

"ஆன்டி, உள்ள தண்ணி போயிருக்கு" என்றேன். "தண்ணி போனா வாரண்டி இல்ல. அங்க எழுதியிருக்கு பாருங்க."

அவர் கண்ணாடி போட்டு, சட்டத்துக்குக் கிட்டே போய், வரிவரியாகப் படித்தார். பிறகு திரும்பி வாசலைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க வாங்க எல்லாரும்! மாவு ஆட்டுற மெஷின், தண்ணி படக்கூடாதாம்! அப்போ உளுந்த எதுல ஆட்டுறது, மணலுலயா?"

பக்கத்துத் துணிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தொப்பி வைத்த பெரியவர், மாமாவின் நண்பர். "ஏம்மா, நம்ம கடையில இப்படி எழுதலாமா? நான் துணியில, போட்டா அழுக்காகும், வாரண்டி இல்லன்னு எழுதுனா எப்படி?" என்றார். பூ வாங்க வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க கழுவுறப்போ அடியில தண்ணி ஊத்தியிருக்கலாம்" என்றேன்.

"ஊத்துனத நீ பாத்தியா? உங்க மாமா இருந்தா இப்படிப் பேசுவாரா? எங்க உங்க அத்தை? கூப்பிடு அவங்கள!"

பெட்டிகளுக்குப் பின்னால் அத்தையின் சேலை நுனி தெரிந்தது. ஆன்டிக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அந்த நொடியில் விதியும் ஆன்டியும் மறந்துபோய், ஷட்டர் மட்டும்தான் கண்ணில் நின்றது.

உள்ளே போன தண்ணீருக்கு வழி இரண்டுதான். வெளியிலிருந்து ஊற்றியிருந்தால் அது கழுவியவர் தவறு. டிரம்மின் நடுக்குழாய் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் கசிந்திருந்தால் அது தயாரித்தவர்கள் தவறு. என் விதி இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தது. எது என்று என்னாலும் வாயால் சொல்ல முடியாது, ஆன்டியாலும் முடியாது.

"அத்தை, இன்னிக்கு பேப்பர் எங்க?" என்று கேட்டேன்.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கை மட்டும் நீண்டு நாளிதழைக் கொடுத்தது. கல்லா மேல் விரித்தேன். டிரம்மின் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பேப்பரின் நடுவே வைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றினேன். "கசிஞ்சா எங்க பொறுப்பு, ஆன்டி. காஞ்சிருந்தா நீங்க செலவு பண்ணனும். நீங்களே பாருங்க."

"பாக்குறேன். நான் எங்கேயும் போகமாட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

யாரும் கத்தவில்லை. பார்க்க ஒன்று இருந்தால் மனிதர்கள் கத்துவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். துணிக்கடைப் பெரியவர் தே தாரிக் சொல்லி அனுப்பினார். மருமகன் பேப்பரில் தலைகீழாகத் தெரிந்த பந்து விளையாட்டுச் செய்தியைப் படித்தான். ஆன்டி தன் மகளின் கல்யாணத்துக்கு மாமா கொடுத்த மின்விசிறி இன்னும் ஓடுகிறது என்றார். "ஒரு சத்தம் இல்ல, தெரியுமா? அவரு கைராசி." அந்தக் கதைக்காக அத்தை வெளியே வந்தார். "எந்த மின்விசிறி? பச்சைக் கலரா?" என்று கேட்டு, கல்லாவின் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

தேநீர் பாதி குடித்தபோது டிரம்மைத் தூக்கினேன். பேப்பரில் வட்டமாக ஈரம். நடுக்குழாய் இருந்த இடத்தில் எழுத்து கலங்கியிருந்தது.

"பாத்தியா!" என்று ஆன்டி கையைத் தட்டினார்.

நான் எதுவும் சொல்வதற்குள் அத்தை பேசினார். "எங்க பொறுப்புதான். புது டிரம் வர்றவரைக்கும் கடையில காட்டுறதுக்கு வெச்சிருக்கிற மெஷினை எடுத்துட்டுப் போங்க. பலகாரம் நிக்கக் கூடாது." முன்னால் நின்று சொன்னார்.

அன்று மாலையே கசிவைப் படம் எடுத்து, ரசீதோடும் முத்திரை குத்திய வாரண்டி அட்டையோடும் விநியோகஸ்தருக்கு அனுப்பினேன். முதலில் 'தண்ணீர்' என்ற ஒரு வார்த்தையில் மறுத்தார்கள். டிரம் கசிவதைக் காட்டும் வீடியோ அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டு, புது டிரம்மும் பெல்ட்டும் கொடுத்தார்கள்.

சட்டத்தைக் கழற்றி அந்த வரியை மாற்றினேன்: "உள்ளே தண்ணீர் போயிருந்தால் உங்கள் முன்னால் பேப்பர் வைத்துப் பார்ப்போம். டிரம் கசிந்தால் கடைப் பொறுப்பு. கசியாவிட்டால் உங்கள் செலவு." விற்பதற்கான வரியையும் மாற்றி, விற்கும்போதும் அதே பரிசோதனை செய்ய ஆரம்பித்தோம். தீபாவளி முடிந்து ஒருவர் துருப்பிடித்த கிரைண்டரோடு வந்தார். பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார், இன்னொரு பக்கத்தையும் தடவிப் பார்த்தார். "என் வீட்டுக்காரி குழாய்க்கு அடியிலேயே வெச்சு கழுவுறா. சொன்னா கேக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு, செலவு எவ்வளவு என்று கேட்டார். அவருக்கு விலை சொன்னது அத்தை.

எனக்கு இப்போது பூச்சோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே சோதனைக்கு விலையுயர்ந்த கருவிகள் உண்டு. இருந்தாலும் டிரம்மைத் தூக்கும் முன் எல்லாரும் குனிந்து பார்த்த அந்த மதியம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கல்லா மேல் நான்கு தேநீர்க் குவளைகள், பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம், மாமாவின் பச்சை மின்விசிறியைப் பற்றிய பேச்சு.

கடை திறந்திருக்கிறது. விதிகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன, இதுவரை இரண்டு வரி மாறியிருக்கிறது. சண்டை முழுவதும் நின்றுவிடவில்லை. முந்தாநாள்கூட ஒருவர் மூடி காணவில்லை என்று கத்தினாராம். அத்தை கல்லாவில் நின்று, ஜாரை நாங்கள் வாங்கி வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரைஸ் குக்கர் பெட்டிகள் இப்போது சுவரோடு சேர்த்து அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பின்னால் நிற்க இடமில்லை.