காலிச் சக்கில் எடுத்த எண்

மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் ஆலைக்குள் போகும்போது என் லேப்டாப்பின் எண்ணைக் கேட்டில் எழுதிக்கொண்டார்கள். வெளியே கொண்டுபோக மேனேஜர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும், இயந்திரம் சரியாக ஓடினால்தான் அவர் கையெழுத்திடுவார். நான் இயந்திரங்களின் மோட்டார்களைச் சரிசெய்யும் சர்வீஸ் ஆள். ஒரே நாள் வேலை என்று நினைத்து வில்லாபுரத்திலிருந்து ஒரு சட்டை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு எழுமலையில் என் தங்கை மகளுக்குக் காது குத்து. எங்கள் வீட்டில் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான்.

இயந்திரம் கல்தூண் கடையும் லேத். தண்ணீரும் கல்சேறும் பட்டு மோட்டார் கெடக் கூடாது என்று அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, இரண்டு மீட்டர் ஷாஃப்ட் போட்டுக் கல்லைப் பிடிக்கும் சக்கோடு இணைத்திருந்தார்கள். நீளமான ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஈர வேட்டியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துப் பிழிகிற மாதிரி, மோட்டார் ஒரு பக்கமும் கல் மறுபக்கமும் எதிரெதிராக முறுக்கும். அதற்கென்று ஒரு வேகம் உண்டு. நொடிக்கு இத்தனை தடவை என்கிற அந்த எண்ணில் மோட்டாரை ஓட்டும் ட்ரைவ் பிழை திருத்தப் போனால், திருத்தமே முறுக்கைத் தூக்கிவிடும். கட்டடமே உறுமும்.

அதற்குத்தான் நாட்ச் ஃபில்டர். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் ட்ரைவின் காதைப் பொத்துவது. எண் சரியாகத் தெரிந்தால் பத்து நிமிட வேலை. எண்ணைக் கல் ஏற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கிரேன் வேறு கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லை. காலிச் சக்கிலேயே, ட்ரைவ் தானே அந்த எண்ணைத் தேடும் ஆட்டோ டியூனிங்கை ஓட்டினேன், எழுபத்தொன்று என்று காட்டியது. அதில் ஃபில்டரை வைத்தேன். ஓசையில்லாமல் சுற்றியது. வேலை முடிந்ததற்கான படிவத்தில் ‘கல் ஏற்றிச் சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். லேத் ஓட்டும் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கல் ஏறியதும் உறுமியது. சுமை கூடினால் அந்த எண் இறங்கும், ஐம்பத்தாறுக்கு வந்திருந்தது. நான் பொத்தியது வேறு இடம். பதறிப்போய் ஃபில்டரை ஐம்பத்தாறுக்கு மாற்றினேன், அடங்கியது. அன்று மாலை தூண் மெலிந்து வர வர மறுபடி உறுமத் தொடங்கியது. கல் குறைந்தால் சுமையும் குறையும், எண் ஏறும். அடைத்த இடத்தை விட்டு முறுக்கு மேலே போய்விட்டது. மறுநாள் காலை கடைந்து முடித்த தூண் முழுக்க விலா எலும்பு போலக் கோடுகள். அதை முற்றத்தில் உருட்டிப் போட்டார்கள்.

புதன்கிழமை ஃபில்டரை அகலப்படுத்தினேன். இரண்டு எண்ணும் உள்ளே அடங்கட்டும் என்கிற பேராசை. அகலமாகப் பொத்தினால் கேட்க வேண்டியதும் தாமதமாகத்தான் கேட்கும். ட்ரைவ் பிந்திப் பிந்தித் திருத்தியது. உறுமல் நின்று, சக் மெதுவாக முன்னும் பின்னும் ஊசலாட ஆரம்பித்தது. ட்ரைவ் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்கிற கெயினைக் குறைத்தேன், ஊசலாட்டம் நின்றது. ஆனால் பிளேடு கல்லில் பட்டதும் வேகம் தொய்ந்தது. குறுக்கினால் உறுமல், விரித்தால் ஊசல், குறைத்தால் தொய்வு. நான் மாறி மாறி இந்த மூன்று சுவர்களில் முட்டிக்கொண்டிருந்தேன். அன்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தங்கை போன் செய்தாள். “அண்ணே, உனக்கு வேட்டி எடுத்தாச்சு. வியாழக்கிழமையே வந்துருவேல்ல?”

“வாரேன்,” என்றேன்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் என் படிவத்தோடு வந்தார். கோபமே இல்லாமல், அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

“சார் முதல் நாளே கல் ஏத்திப் பார்த்துட்டுத்தான் டிக் அடிச்சிருக்காரு. அன்னைக்கி சத்தமில்ல. அப்ப கல்லப் பிடிச்சதுலதானே கோளாறு? ஒரு தூணு வீணாப் போச்சுல்ல. நாளையிலருந்து நீங்க பாலிஷ் செட்டுக்குப் போங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க” என்றார். திங்கட்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் வாயைத் திறந்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், அப்படிப்பட்டவன்தான் நான். அவர் திறக்கவில்லை, அதனால் எனக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது.

“அவரு மேல தப்பில்ல சார். நான் காலிச் சக்குலதான் பார்த்தேன். டிக் பொய்,” என்றேன்.

மேனேஜர் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். “அப்ப ஒரு தூணு முழுசாக் கடைஞ்சு கோடில்லாம வர்ற வரைக்கும் நீங்க எங்கயும் போகக்கூடாது. உங்க ஆபீசுக்கு நான் பேசிக்கிறேன்.” போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். தூண் முடிய ஒன்றரை நாள் ஆகும்.

அப்போதுதான் முற்றத்தில் கிடந்த வீணான தூண் கண்ணில் பட்டது. முடிவில் எவ்வளவு கல் மிஞ்சுமோ அவ்வளவே அதில் இருந்தது. அதை ஏற்றச் சொன்னேன். ட்ரைவிலிருந்து மோட்டாருக்கு லேசான உதறல் கொடுத்துப் பார்த்தால் அறுபத்தொன்று. முழுக் கல்லுக்கு ஐம்பத்தாறு, மெலிந்த கல்லுக்கு அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, ட்ரைவில் இரண்டு பாராமீட்டர் செட் போட்டேன். இரண்டிலும் ஃபில்டர் குறுகல். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறப் பேனலில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். பாதி கடைந்ததும் லேத்தை நிறுத்தி, ஸ்விட்சைத் திருப்பிவிட்டு, மீதியைக் கடைய வேண்டும். இவ்வளவுதான். இதைத் திங்கட்கிழமையே செய்திருக்கலாம்.

புதுக் கல்லை ஏற்றி, சாயங்காலத்துக்குள் பாதி கடைந்தோம். சத்தமில்லை. தங்கைக்குப் போன் செய்து, வர முடியாது என்றேன். “அம்புட்டு முக்கியமாண்ணே?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்விட்சைத் திருப்பினோம். அண்ணன், “நீங்க கெளம்புங்க தம்பி. கேட் பாஸ் லேப்டாப்புக்குத்தான, ஆளுக்கா? எதுன்னா நான் போன் போடுறேன்,” என்றார். அது எனக்கும் தெரியும். நான்கு நாளாகவே தெரியும். ஆனால் இந்தத் தூணிலும் கோடு விழுந்தால் இங்கே நிற்கப்போவது அவர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பத்தரைக்குப் பிளேடு தூணின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. உறுமல் வரும் இடம் அதுதான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு மணிக்கு மேனேஜர் தூணைத் தடவிப் பார்த்து, சீட்டில் கையெழுத்திட்டு நீட்டினார். அண்ணனிடம், “நீங்க இங்கயே இருங்க” என்றார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தங்கை அழைத்தாள்.

“முடிஞ்சிருச்சுண்ணே.”

“யார் மடியில உக்கார வச்சீங்க?”

“யார் மடியிலயும் இல்ல. மாமா மடியிலதான் உக்காருவேன்னு ஒரே அழுக. உனக்கு எடுத்த வேட்டிய மடிச்சு மணையில போட்டோம். இதான் மாமா மடின்னு சொன்னோம். உக்காந்துக்கிட்டா. குத்தும்போது வேட்டியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாண்ணே. இன்னும் விடல.”